சுவரில் ஒட்டிய வைஃபை குறியீடு: இன்னொருவரின் கைப்பேசியில் சோதிப்பது எப்படி?

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வாசிகசாலைகள், சனசமூக நிலையங்கள், தனியார் கல்வி நிலையங்கள் போன்ற இடங்களில் இப்போது சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைச் சதுரம் ஒட்டப்பட்டிருப்பதைக் காணலாம். கைப்பேசியின் கமராவை அதற்கு நேரே பிடித்தால், கடவுச்சொல்லைத் தட்டாமலே வைஃபையில் இணைந்துவிடலாம். ஆங்கில எழுத்துகளைப் பெரிதும் சிறிதுமாக மாற்றி மாற்றித் தட்டத் தெரியாத முதியவர்களுக்கு இது பெரிய உதவி. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுடன் கதைப்பதற்காக மட்டுமே கைப்பேசி வைத்திருக்கும் பெற்றோர் பலர் நம் ஊர்களில் இருக்கிறார்கள். டேட்டா போடப் பணம் இல்லாத மாதத்தில் அவர்களுக்கு வாசிகசாலையின் வைஃபைதான் வழி.

கைப்பேசி திருத்தும் வேலை செய்பவன் என்பதால், இப்படி ஒட்டப்பட்ட குறியீடு வேலை செய்யவில்லை என்று என்னை அடிக்கடி அழைப்பார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். குறியீட்டை உருவாக்கியவரின் கைப்பேசியில் அது வேலை செய்கிறது. மற்றவர்களின் கைப்பேசியில் இல்லை. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உருவாக்கியவரின் கைப்பேசி அந்த வைஃபையில் ஏற்கெனவே இணைந்திருக்கிறது. கடவுச்சொல்லும் அதில் சேமிக்கப்பட்டிருக்கிறது. அவர் குறியீட்டை ஸ்கான் செய்ததும் 'இணைந்துள்ளது' என்று காட்டுவது குறியீட்டினால் அல்ல, பழைய இணைப்பினால். அந்தச் சோதனை குறியீட்டைச் சோதிக்கவே இல்லை.

சதுரத்துக்குள் என்ன இருக்கிறது?

அந்தச் சதுரத்துக்குள் இருப்பது ஒரே ஒரு வரி எழுத்துதான். வைஃபையின் பெயர், பாதுகாப்பு வகை, கடவுச்சொல் ஆகிய மூன்றும் ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் எழுதப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக:

```
WIFI:T:WPA;S:Vasikasalai;P:nool12345;;
```

T என்பதற்குப் பின்னால் வருவது பாதுகாப்பு வகை. S என்பதற்குப் பின்னால் வைஃபையின் பெயர், P என்பதற்குப் பின்னால் கடவுச்சொல். ஒவ்வொரு பகுதியும் அரைப்புள்ளியுடன் முடிகிறது. கடைசியில் இன்னொரு அரைப்புள்ளி. ரவுட்டரில் WPA2 என்று இருந்தாலும் இங்கே WPA என்று எழுதுவதே வழக்கம். WPA2 என்று எழுதினால் சில கைப்பேசிகள் அதை ஏற்பதில்லை.

கமரா படத்தைப் பார்த்து இந்த வரியை மீட்டெடுக்கிறது. பிறகு கைப்பேசி அந்த வரியைப் பிரித்து, பெயரையும் கடவுச்சொல்லையும் எடுத்து, ரவுட்டருடன் பேசுகிறது. ஆகவே இது மூன்று படிகளில் நடக்கும் வேலை: படத்தை வாசித்தல், வரியைப் புரிந்துகொள்ளுதல், ரவுட்டரில் இணைதல். எந்தப் படியில் நின்றுபோனது என்று தெரிந்தால், திருத்தவேண்டியது எது என்பதும் தெரிந்துவிடும்.

சோதனையைச் செய்யும் முறை

முதலில் ஒருபோதும் அந்த வைஃபையில் இணையாத ஒரு கைப்பேசி வேண்டும். முடிந்தால் இரண்டு எடுங்கள்: ஒன்று ஐபோன், மற்றது சில வருடங்கள் பழைய அன்ட்ரொய்ட். வாசிகசாலைக்கு வருபவர்களிடம் இருப்பது பெரும்பாலும் பழைய அன்ட்ரொய்ட்தான் என்பதால், அதிலே வேலை செய்வதுதான் முக்கியம். ஐபோனில் 2017 இல் வந்த iOS 11 தொடக்கம் சாதாரண கமராவே இந்தக் குறியீட்டை வாசிக்கும். 2019 இல் வந்த அன்ட்ரொய்ட் 10 இலிருந்து, வைஃபை பட்டியலின் கீழே Add network என்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு சதுர அடையாளம் இருக்கும். அதைத் தொட்டு ஸ்கான் செய்யலாம். அதற்கும் பழைய கைப்பேசிகளில் தனிச் செயலி தேவைப்படலாம்.

வேறு கைப்பேசி கிடைக்காவிட்டால், இருக்கும் கைப்பேசியை அந்த வைஃபையை மறக்கச் செய்யவேண்டும். அன்ட்ரொய்டில் வைஃபை பெயருக்குப் பக்கத்திலுள்ள பற்சக்கர அடையாளத்தைத் தொட்டால் Forget என்று வரும். ஐபோனில் பெயருக்குப் பக்கத்திலுள்ள i அடையாளத்தைத் தொட்டால் Forget This Network என்று வரும். மறக்கச் செய்வதற்கு முன்னர் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது அந்தக் கைப்பேசியில் மட்டுமே இருந்திருந்தால் பிறகு எடுக்க வழியிருக்காது.

அடுத்து, சோதிக்கும் கைப்பேசியின் மொபைல் டேட்டாவை நிறுத்துங்கள். இதைப் பலரும் செய்வதில்லை. டேட்டா இருந்தால் சில பிழைகள் மறைந்துவிடும். அவற்றைக் கீழே சொல்கிறேன். டேட்டா இல்லாமல் வருபவருக்காகத்தான் குறியீடு ஒட்டப்படுகிறது. சோதனையும் அவருடைய நிலையிலேயே நடக்கவேண்டும்.

மூன்றாவதாக, கணினித் திரையில் தெரியும் குறியீட்டைச் சோதித்துவிட்டு நின்றுவிடாதீர்கள். அச்சிட்டு, லெமினேட் செய்து, சுவரில் ஒட்டிய பிறகு, மக்கள் நிற்கும் இடத்திலே நின்று சோதியுங்கள். இணைந்த பின்னர், முன்னர் திறக்காத ஒரு இணையப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அது திறந்தால்தான் சோதனை முடிந்தது.

ஒரு வாசிகசாலையில் நடந்தது

கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு வாசிகசாலையில் இளைஞர் ஒருவர் குறியீட்டை உருவாக்கி, அறிவித்தல் தாளின் மூலையில் அச்சிட்டு, வாசற்கதவுக்கு மேலே ஒட்டியிருந்தார். அவருடைய கைப்பேசியில் சரியாக இருந்தது. மகனுடன் வட்ஸ்அப்பில் கதைப்பதற்காக வந்த ஒரு அம்மாவுக்குத்தான் முதலில் பிரச்சினை வந்தது.

"தம்பி, இது ஒண்டும் காட்டுதில்லை. என்ர போன் பழுதோ?" என்று கேட்டார்.

"உங்கட போனில பிழை இல்லையம்மா. கொஞ்சம் கிட்டப் பிடிச்சுப் பாப்பம்" என்று சொல்லி, ஒரு கதிரையில் ஏறி அவருடைய கைப்பேசியை நானே குறியீட்டுக்குப் பக்கத்தில் பிடித்தேன். உடனே வாசித்தது. Vasikasalai என்ற பெயரைக் காட்டி, இணையவா என்றும் கேட்டது. ஆமென்று அழுத்தினேன். சிறிது நேரம் சுற்றிவிட்டு, இணைய முடியவில்லை என்றது.

ஆக, ஒரே தாளில் இரண்டு பிழைகள் இருந்தன. தூரத்திலிருந்து வாசிக்காதது படத்தின் பிழை. வாசித்த பின்னும் இணையாதது உள்ளேயிருக்கும் வரியின் பிழை. இரண்டையும் தனித்தனியாகத் திருத்தவேண்டியிருந்தது.

வரியைப் பார்ப்பதற்கு, குறியீட்டுக்குள் இருப்பதை எழுத்தாகவே காட்டும் ஒரு ஸ்கான் செயலியைப் பயன்படுத்தினேன். இது வந்தது:

```
WIFI:T:WPA;S:Vasikasalai;P:Vasippom2024;Nool;;
```

ரவுட்டரில் வைத்திருந்த கடவுச்சொல் `Vasippom2024;Nool`. அதன் நடுவில் ஒரு அரைப்புள்ளி இருக்கிறது. கைப்பேசிக்கோ அரைப்புள்ளி என்றால் அந்தப் பகுதி முடிந்துவிட்டது என்று பொருள். எனவே அது `Vasippom2024` என்பதையே முழுக் கடவுச்சொல்லாக எடுத்துக்கொண்டது. Nool என்ற மிச்சத்தை விட்டுவிட்டது. ரவுட்டர் பிழையான கடவுச்சொல் என்று மறுத்தது. குறியீட்டைச் செய்த தம்பியின் கைப்பேசியில் சரியான கடவுச்சொல் முன்னரே இருந்ததால் அங்கே இது தெரியவில்லை.

இதற்குத் திருத்தம், அரைப்புள்ளிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு இடுவது:

```
WIFI:T:WPA;S:Vasikasalai;P:Vasippom2024\;Nool;;
```

பின்சாய்கோடு வந்தால், அடுத்து வருவது பகுதியின் முடிவல்ல, கடவுச்சொல்லின் எழுத்து என்று கைப்பேசி எடுத்துக்கொள்ளும். அரைப்புள்ளி, காற்புள்ளி, முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோள், பின்சாய்கோடு ஆகிய ஐந்துக்கும் இப்படிச் செய்யவேண்டும். பெயரில் வந்தாலும் இதே விதிதான். இதைவிட இலகுவான வழி, கடவுச்சொல்லை எழுத்துகளும் இலக்கங்களும் மட்டும் கொண்டதாக மாற்றிக்கொள்வது. எட்டு எழுத்துகளுக்குக் குறையாமல், நீளமாக வைத்தால் பாதுகாப்புக் குறையாது.

வரியைக் கையால் எழுதாமலும் செய்யலாம். வைஃபையில் சரியாக இணைந்துள்ள ஒரு அன்ட்ரொய்ட் கைப்பேசியில், வைஃபை பெயரைத் தொட்டு Share என்பதை அழுத்தினால் அதுவே குறியீட்டை உருவாக்கித் தரும். iOS 18 உள்ள ஐபோனில் Passwords என்ற செயலியில் இதைச் செய்யலாம். அதைத் திரைப்படமாக எடுத்து அச்சிட்டால் போதும்.

தூரமும் அளவும்

இனி முதற் பிழை. அந்தத் தாளில் குறியீடு 3 சென்ரிமீற்றர் அகலம்தான் இருந்தது. கதவுக்கு மேலே ஒட்டியிருந்ததால், கீழே நிற்பவரின் கைப்பேசிக்கும் அதற்கும் இடையில் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் தூரம். இதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு: வாசிக்கவேண்டிய தூரத்தில் பத்தில் ஒரு பங்காவது குறியீட்டின் அகலம் இருக்கவேண்டும். 3 சென்ரிமீற்றர் குறியீட்டை 30 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து நம்பி வாசிக்கலாம். ஒன்றரை மீற்றருக்கு 15 சென்ரிமீற்றர் தேவை. நல்ல கமரா இதைவிடத் தூரத்திலிருந்தும் வாசிக்கும். பழைய கமரா வாசிக்காது.

நாங்கள் குறியீட்டை 8 சென்ரிமீற்றராகப் பெரிதாக்கி, பத்திரிகை மேசைக்கு மேலே, உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்தில் ஒட்டினோம். அங்கே தூரம் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர். கணக்குப்படி 6 போதும். 2 மேலதிகமாக விட்டோம்.

உள்ளே உள்ள எழுத்துகள் கூடினால் சிறு கட்டங்களும் கூடும் என்பதையும் கவனிக்கவேண்டும். மேலே உள்ள 47 எழுத்து வரிக்கு, நடுத்தரப் பிழைதிருத்த அளவில், பக்கத்துக்கு 33 கட்டங்கள் வருகின்றன. அதை 3 சென்ரிமீற்றருக்குள் அடக்கினால் ஒரு கட்டம் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. பெயரும் கடவுச்சொல்லும் குறுகியதாக இருந்தால் கட்டங்கள் பெரிதாகும், வாசிப்பதும் இலகு.

கமரா எதையுமே காட்டாவிட்டால், அளவுக்கு அடுத்ததாக மூன்று விடயங்களைப் பாருங்கள். ஒன்று, சதுரத்தைச் சுற்றி வெறும் வெள்ளை இடம் இருக்கவேண்டும். நான்கு கட்டங்கள் அளவு வெள்ளை நான்கு பக்கமும் வேண்டும் என்பதே நியமம். அழகுக்காக ஒட்டிக் கோடு போட்டாலோ, எழுத்துகளை நெருக்கினாலோ, சதுரம் எங்கே தொடங்குகிறது என்று கமராவால் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு, லெமினேட் தாளில் ரியூப் விளக்கோ யன்னல் வெளிச்சமோ பளிச்சென்று பட்டால் அந்த இடம் கமராவுக்கு வெறும் வெள்ளையாகத் தெரியும். கைப்பேசியைச் சற்றுச் சரித்துப் பிடித்தவுடன் வாசித்தால் காரணம் இதுதான். தாளை வேறு சுவருக்கு மாற்றுங்கள். மூன்று, கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கட்டங்களாகவோ, மங்கலான நிறத்திலோ அச்சிட்டிருந்தால் சில கைப்பேசிகள் வாசிக்காது. போட்டோக்கொப்பியின் கொப்பியை மீண்டும் கொப்பி எடுத்து மங்கிப்போன தாளும் இப்படித்தான்.

ஒரு மூலையில் கறை பட்டாலோ சற்றுக் கிழிந்தாலோ குறியீடு உடனே செத்துவிடாது. அதற்குள் பிழைதிருத்தம் இருக்கிறது. நடுத்தர அளவில் ஏறத்தாழ 15 வீதமும், அதியுயர் அளவில் ஏறத்தாழ 30 வீதமும் சேதமானாலும் மீட்டெடுக்கலாம். ஆனால் மூன்று மூலைகளிலும் உள்ள பெரிய சதுரங்களில் ஒன்று மறைந்தால் வாசிப்பது கடினம். ஆணியோ ஒட்டுநாடாவோ அவற்றின் மேல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசிக்கிறது, ஆனால் இணையத்தளத்துக்குப் போகிறது

இன்னொரு பிழையை இப்போது அடிக்கடி காண்கிறேன். ஸ்கான் செய்ததும் வைஃபை பெயர் வராமல், ஒரு இணைய முகவரி வருகிறது. இலவசமாகக் குறியீடு உருவாக்கித் தரும் சில இணையத்தளங்கள், வைஃபை வரியை உள்ளே வைக்காமல் தங்களுடைய தளத்தின் முகவரியை வைத்துவிடுகின்றன. அந்தத் தளத்துக்குப் போனால்தான் கடவுச்சொல் தெரியும். ஆனால் அங்கே போவதற்கே இணையம் வேண்டும். இணையம் இல்லாததால்தானே ஸ்கான் செய்கிறோம்! டேட்டா உள்ள கைப்பேசியில் சோதித்தால் இது தெரியாது. இலவசக் காலம் முடிந்ததும் குறியீடு நின்றுபோவதும் இந்த வகையில்தான். உருவாக்கும்போது Dynamic என்று இருப்பதை விட்டு, Static என்பதைத் தெரிவுசெய்யுங்கள். வைஃபை வரியே உள்ளே இருந்தால் அதற்குக் காலாவதி இல்லை.

பெயர் வருகிறது, இணைவதில்லை

வரி சரியாக இருந்தும் இணையாவிட்டால், அந்தக் கைப்பேசியின் வைஃபை பட்டியலைத் திறந்து, அதே பெயர் அங்கே தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் கைப்பேசிக்கு அந்த அலை எட்டவில்லை. பழைய கைப்பேசிகள் பல 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையை மட்டுமே பிடிக்கும். ரவுட்டர் 5 கிகாஹேர்ட்ஸுக்கு வேறு பெயர் வைத்திருந்து, குறியீட்டிலும் அந்தப் பெயரே இருந்தால், புதிய கைப்பேசிகள் மட்டும் இணையும். 2.4 இன் பெயரில் குறியீட்டைச் செய்தால் எல்லோருக்கும் பொருந்தும்.

பெயர் பட்டியலில் தெரிந்தால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். Vasikasalai வேறு, vasikasalai வேறு. கடைசியில் ஒரு வெற்றிடம் இருந்தாலும் வேறு பெயர்தான். பெயரும் சரியென்றால், அதே கைப்பேசியில் கடவுச்சொல்லைக் கையால் தட்டிப் பாருங்கள். கையால் தட்டினால் இணைகிறது, குறியீட்டால் இணையவில்லை என்றால் பிழை குறியீட்டில். கையால் தட்டியும் இணையாவிட்டால் குறியீட்டைத் திருத்தி ஒரு பயனும் இல்லை, பிழை ரவுட்டரில். யாரோ கடவுச்சொல்லை மாற்றியிருக்கலாம். ரவுட்டரை ரீசெற் செய்திருந்தால், அதன் அடியில் ஒட்டியிருக்கும் பழைய தொழிற்சாலைப் பெயரும் கடவுச்சொல்லும் திரும்பி வந்திருக்கும். பாதுகாப்பை WPA3 மட்டும் என்று வைத்திருந்தாலும் பழைய கைப்பேசிகள் வெளியே நிற்கும். WPA2 உம் சேர்ந்ததாக மாற்றினால் உள்ளே வரும்.

இணைந்த பிறகு 'இணையம் இல்லை' என்று வந்தால், குறியீடு தன் வேலையை முடித்துவிட்டது. மாதாந்தப் பொதி முடிந்ததா, கட்டணம் நிலுவையா, 4ஜி சிக்னல் இருக்கிறதா என்று பார்ப்பதே அடுத்த வேலை.

ஒட்டுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை

சதுரத்துக்குள் கடவுச்சொல் மறைத்து வைக்கப்படவில்லை. யார் ஸ்கான் செய்தாலும் எழுத்தாகவே தெரியும். நிகழ்வொன்றின் படத்தை முகநூலில் போடும்போது பின்னால் சுவரில் இந்தத் தாள் தெளிவாகத் தெரிந்தால், கடவுச்சொல்லையே போட்டதற்குச் சமம். வாசிகசாலையின் இணைப்பு யாரோ ஒரு உறுப்பினரின் அடையாள அட்டையில்தான் எடுக்கப்பட்டிருக்கும். அதன் வழியாக என்ன நடந்தாலும் முதலில் கேள்வி அவரிடமே வரும். நம் ஊர்களில் அந்தக் கேள்வி எவ்வளவு பாரமானது என்று நான் சொல்லத் தேவையில்லை. ரவுட்டரில் Guest என்ற விருந்தினர் வலையமைப்பு வசதி இருந்தால், அதற்கு மட்டும் குறியீடு செய்யுங்கள். அலுவலகக் கணினியும் அங்கத்தவர் விபரங்களும் இருக்கும் வலையமைப்பு தனியாக இருக்கட்டும். கடவுச்சொல்லைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றி, பழைய தாளைக் கிழித்துவிடுங்கள்.

அந்த வாசிகசாலையில் புதிய தாளை ஒட்டியபின், அந்த அம்மாவின் கைப்பேசியில் டேட்டாவை நிறுத்தி, அவரையே ஸ்கான் செய்யச் சொன்னோம். மேசையில் உட்கார்ந்தபடியே ஸ்கான் செய்து இணைந்துவிட்டார். தாளின் கீழே வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் பெரிய எழுத்தில் அச்சிட்டு, ஒட்டிய திகதியையும் எழுதிவைத்தோம். கமரா உடைந்த கைப்பேசியுடன் வருபவருக்கு அந்த எழுத்து உதவும். தாளில் உள்ள திகதி கடவுச்சொல் மாற்றிய நாளுக்கு முந்தியதாக இருந்தால், அது பழைய தாள் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்.